இலக்கினத்துக்கு நல்லவர், கெட்டவர், யோககாரகன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி என்றாலே கெடுதிதானே? பிறகு ஏன் சாத்திரியார் என் மகனுக்குச் சனி திசைதான் நல்ல காலம் என்கிறார்?

புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. குறிப்பைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் இதைத்தான். இதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு கிரகத்தை இரண்டு விதமாக எடைபோட வேண்டும். முதலாவது இயற்கைக் குணம். வியாழனும் சுக்கிரனும் இயற்கையில் சுபர். சனியும் செவ்வாயும் பாவர். இது எல்லாருக்கும் பொது. இரண்டாவது ஆதிபத்தியம், அதாவது உங்கள் இலக்கினத்திலிருந்து எண்ணும்போது அந்தக் கிரகம் எந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர் என்பது. இது இலக்கினத்துக்கு இலக்கினம் மாறும். உங்கள் மகனுக்கு இடபமோ துலாமோ இலக்கினமாக இருந்தால், சாத்திரியார் சொன்னது ஆதிபத்தியக் கணக்கில் சரியான பேச்சு. கிரகத்தின் குணம் வேறு, அவர் கையில் உங்களுக்காக இருக்கும் பொறுப்பு வேறு.

இராசியில் இருந்து எண்ணுவதா, இலக்கினத்தில் இருந்து எண்ணுவதா?

இலக்கினத்திலிருந்து. இராசி என்பது பிறந்தபோது சந்திரன் நின்ற வீடு. ஏழரைச் சனி, அட்டமச் சனி போன்ற கோசாரக் கணக்குகள் அதிலிருந்து வருகின்றன. இலக்கினம் என்பது பிறந்த நேரத்தில் கீழ்வானில் உதித்துக்கொண்டிருந்த வீடு. இராசிக் கட்டத்தில் ‘ல’ என்று எழுதியிருப்பது அதுதான்.

துலா இலக்கினத்தில் பிறந்த ஒருவருக்கு ஏழரைச் சனி நடக்கலாம். அப்போதும் சனி அவருடைய யோககாரகனாகவே இருப்பார். இரண்டும் வேறு வேறு கணக்குகள். ஒன்றைக் காட்டி மற்றதை இல்லை என்று சொல்ல முடியாது.

எந்த வீட்டுக்காரன் நல்லவன், எந்த வீட்டுக்காரன் கெட்டவன்?

பராசர முறையின் அடிப்படை இது. 1, 5, 9 ஆகியவை திரிகோணங்கள். அவற்றுக்கு உரியவர் இயற்கையில் யாராக இருந்தாலும் நன்மை செய்வார். 3, 6, 11 ஆகியவற்றுக்கு உரியவர் தொல்லை தருவார். பதினோராம் வீடு இலாபம் என்று மகிழ்கிறவர்கள் இங்கே திடுக்கிடுவார்கள். வீடு நல்லதுதான்; அதன் அதிபதியை இந்த முறை சுபர் பக்கம் சேர்ப்பதில்லை. 2, 12 ஆகியவற்றுக்கு உரியவர் தம்முடைய மற்ற வீட்டையும் சேர்ந்திருப்பவரையும் பொறுத்துப் பலன் தருவார். எட்டாம் அதிபதி பொதுவில் கெட்டவர். அவரே இலக்கினாதிபதியாகவும் இருந்தால் அந்தக் குறை இல்லை; சூரிய சந்திரர்க்கும் எட்டாம் ஆதிபத்தியக் குறை கிடையாது.

கேந்திரங்களான 4, 7, 10 தான் நுட்பமான இடம். கேந்திராதிபத்தியம் பெற்ற சுபர் தம் சுபத்தன்மையை விடுகிறார். அதைப் பெற்ற பாவர் தம் பாவத்தன்மையை விடுகிறார். விடுகிறார் என்பதைக் கவனியுங்கள். பாவர் கேந்திரத்துக்கு உரியவராவதால் மட்டும் நல்லவராகிவிடுவதில்லை, கெடுதியை நிறுத்துகிறார், அவ்வளவுதான். நன்மை செய்ய அவருக்கு ஒரு திரிகோணமும் வேண்டும். யோககாரகன் பிறப்பது இந்த இடத்தில்தான்.

யோககாரகன் என்றால் யார்? ஏன் எல்லா இலக்கினத்துக்கும் இல்லை?

ஒரே கிரகம் ஒரு கேந்திரத்துக்கும் (4, 7, 10) ஒரு திரிகோணத்துக்கும் (5, 9) சேர்த்து உரியதானால் அது யோககாரகன். கேந்திரம் முயற்சியும் நிலையும். திரிகோணம் பாக்கியமும் பூர்வ புண்ணியமும். மற்ற இலக்கினங்களில் இவை ஒன்றுகூட இரண்டு கிரகங்கள் சேர வேண்டும். இங்கே ஒருவரே இரண்டையும் வைத்திருக்கிறார். அவருக்குத் தனி மதிப்பு கிடைப்பது இதனால்தான்.

ஆறு இலக்கினங்களுக்கு மட்டும் இந்தப் பேறு கிடைப்பதற்குக் காரணம் வெறும் எண்ணிக்கை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஒவ்வொரு வீடுதான், ஆகவே அவர்களால் முடியாது. புதனின் மிதுனத்திலிருந்து கன்னி நான்காவது. வியாழனின் தனுவிலிருந்து மீனமும் அப்படியே. அந்த இடைவெளியில் இரண்டு கேந்திரங்கள் அகப்படும், அல்லது ஐந்தோடு இரண்டோ எட்டோ, ஒன்பதோடு ஆறோ பன்னிரண்டோ வரும். கேந்திரமும் திரிகோணமும் ஒன்றாக வரவே வராது. விரலில் எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

சனியின் மகரமும் கும்பமும் அடுத்தடுத்த வீடுகள். அடுத்தடுத்து வரும் கேந்திர திரிகோணங்கள் 4-5, 9-10 என்ற இரண்டு சோடிகள்தான். முதலாவது துலாத்துக்கும் இரண்டாவது இடபத்துக்கும் வாய்க்கிறது. செவ்வாயின் விருச்சிகத்திலிருந்து மேடம் ஆறாவது. சுக்கிரனின் இடபத்திலிருந்து துலாம் ஆறாவது. அந்த இடைவெளியில் 5-10, 4-9 என்ற சோடிகள் அமையும். அதனால் கடகத்துக்குச் செவ்வாய் 5, 10க்கு உரியவர்; சிங்கத்துக்கு 4, 9க்கு உரியவர். மகரத்துக்குச் சுக்கிரன் 5, 10க்கும் கும்பத்துக்கு 4, 9க்கும் உரியவர். மனத்தில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு: சுக்கிரனின் இரண்டு இலக்கினங்களுக்கும் சனி, சனியின் இரண்டு இலக்கினங்களுக்கும் சுக்கிரன், சூரிய சந்திரரின் இலக்கினங்களுக்குச் செவ்வாய்.

பன்னிரண்டு இலக்கினத்துக்கும் நல்லவர் கெட்டவரை ஒரே இடத்தில் சொல்ல முடியுமா?

யோககாரகன் உள்ளவர்களை முதலில் பார்ப்போம். இடபத்துக்குச் சனியோடு புதன் உதவி. வியாழனும் சந்திரனும் ஆகாதவர்கள். கடகத்துக்குச் செவ்வாயோடு வியாழன் நல்லவர். சுக்கிரனும் புதனும் கெட்டவர்கள். சிங்கத்துக்கும் செவ்வாய், வியாழன் நல்லவர்கள். புதன், சுக்கிரன், சனி தொல்லை தருவோர். துலாத்துக்குச் சனியோடு புதன் நல்லவர்; வியாழன், சூரியன், செவ்வாய் ஆகாதவர்கள். மகரத்துக்குச் சுக்கிரனோடு புதன் நல்லவர். செவ்வாய், வியாழன், சந்திரன் ஆகாதவர்கள். கும்பத்துக்குச் சுக்கிரனும் சனியும் நல்லவர்கள். வியாழன், சந்திரன், செவ்வாய் ஆகாதவர்கள்.

மற்ற ஆறில், மேடத்துக்குச் சூரியனும் வியாழனும் நல்லவர்கள். புதன், சனி, சுக்கிரன் கெட்டவர்கள். மிதுனத்துக்குச் சுக்கிரன் ஒருவரே தெளிவான நல்லவர்; செவ்வாய், வியாழன், சூரியன் ஆகாதவர்கள். கன்னிக்குப் புதனும் சுக்கிரனும் நல்லவர்கள். செவ்வாய், வியாழன், சந்திரன் ஆகாதவர்கள். விருச்சிகத்துக்குச் சந்திரன், வியாழன், சூரியன் நல்லவர்கள். புதனும் சுக்கிரனும் சனியும் கெட்டவர்கள். தனுவுக்குச் சூரியனும் செவ்வாயும் நல்லவர்கள். சுக்கிரன் முதன்மைப் பாவர். மீனத்துக்குச் சந்திரனும் செவ்வாயும் நல்லவர்கள். சனி, சுக்கிரன், சூரியன், புதன் ஆகாதவர்கள்.

இலக்கினாதிபதியைப் பெரும்பாலும் தனியாக எழுதவில்லை. அவர் எப்போதும் உங்கள் ஆள். இடபத்துக்குச் சுக்கிரன் ஆறாம் வீட்டையும் வைத்திருப்பதால் சிலர் அவரைக் கெட்டவர் பட்டியலில் எழுதுவார்கள். இலக்கினம் முந்தும் என்பதே என் கருத்து.

எனக்குக் கன்னி இலக்கினம். யோககாரகன் இல்லை என்றால் எனக்கு யோகமே இல்லையா?

உண்டு. தனி ஒருவரிடம் இல்லை, அவ்வளவுதான். கேந்திராதிபதியும் திரிகோணாதிபதியும் சேர்ந்தாலோ, ஒருவரையொருவர் பார்த்தாலோ, வீடு மாறி இருந்தாலோ அதே யோகம் உண்டாகும். கன்னிக்குப் பத்தாம் அதிபதி புதனும் ஒன்பதாம் அதிபதி சுக்கிரனும் சேர்வது அப்படிப்பட்ட யோகம். புதன் இலக்கினாதிபதியும் ஆகையால் அது இன்னும் வலுவானது. சூரியனை ஒட்டியே நடக்கிற இரண்டு கிரகங்கள் என்பதால் இந்தச் சேர்க்கை அடிக்கடி வாய்க்கும்.

விருச்சிகத்தின் கதை இன்னும் அழகானது. ஒன்பதுக்குச் சந்திரன், பத்துக்குச் சூரியன். இருவரும் ஒரே வீட்டில் சேர்வது அமாவாசையை ஒட்டியும், நேருக்கு நேர் பார்ப்பது பறுவத்தை ஒட்டியும்தான் நடக்கும். ஆகவே விருச்சிக இலக்கினத்தில் பறுவத்தன்று பிறந்த பிள்ளையின் குறிப்பைக் கையில் எடுத்தால், யோகமில்லை என்று ஒரு வரியில் முடிக்காமல் கொஞ்சம் நின்று பாருங்கள்.

வியாழன் பார்த்தால் கோடி நன்மை என்பார்கள். மிதுனத்துக்கு மட்டும் எப்படி அவர் ஆகாதவர்?

மிதுனத்துக்கு வியாழன் 7, 10 என்ற இரண்டு கேந்திரங்களுக்கு உரியவர். திரிகோணம் எதுவும் அவரிடம் இல்லை. மேலே சொன்ன கேந்திர விதி இங்கே முழுதாகப் பிடிக்கிறது. கன்னிக்கும் அவர் 4, 7க்கு உரியவர் என்பதால் அதே நிலைதான். தனு, மீன இலக்கினங்களுக்குப் புதன் இப்படி அகப்படுகிறார். இதைக் கேந்திராதிபத்திய தோஷம் என்பார்கள்.

அவருடைய பார்வையின் இயற்கை நன்மை இதனால் இல்லாமல் போய்விடாது. அவர் பார்க்கும் வீடு செழிக்கலாம். ஆனால் அவருடைய திசையை மட்டும் நம்பிக் கல்யாணத்தையோ தொழிலையோ திட்டமிடுவது சரியல்ல. இரண்டு எடைகளையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்று முதல் பதிலில் சொன்னதன் பயன் இங்கேதான் தெரியும்.

ஒரு சாத்திரியார் மகளுக்கு மிதுன இலக்கினம் என்கிறார், கணினியில் கடகம் என்று வருகிறது. நேரம் ஒன்றுதான். எது சரி?

பிறந்த ஆண்டைக் கேளுங்கள். 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர் என்றால் சிக்கல் பெரும்பாலும் மணிக்கூட்டில் இருக்கும். 1996 மே 25இல் இலங்கை நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே வந்தது. அந்த அரை மணி வித்தியாசம் 2006 ஏப்ரல் நடுவில்தான் நீங்கியது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே நடந்தது. ஆகவே ஒரே நாளில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் பிறந்த இரண்டு பிள்ளைகளின் அட்டைகளில் எழுதிய நேரங்கள் ஒரே கணக்கில் இல்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2001 ஜூலை 19, யாழ்ப்பாணம், அட்டையில் காலை 6.05. சூரியன் அன்று கடகத்தின் தொடக்கப் பாகைகளில். புதிய நேரப்படி சூரியோதயம் ஏறத்தாழ 6.27. அதாவது பிள்ளை பிறந்தது சூரியன் எழுமுன். கீழ்வானில் இருந்தது மிதுனத்தின் கடைசிப் பாகைகள். ஆனால் மென்பொருள் இலங்கைக்கு எப்போதும் 5.30 மணி வித்தியாசம் என்று வைத்துக் கணித்தால், உதயத்தை 5.57 என்று எடுத்து, பிள்ளை சூரியன் எழுந்தபின் பிறந்தது என்று கடகத்தைப் போட்டுவிடும்.

இப்போது செவ்வாயைப் பாருங்கள். அன்று அவர் விருச்சிகத்தில் ஆட்சி. கடக இலக்கினம் என்றால் யோககாரகன் ஐந்தாம் வீட்டில் ஆட்சி, அதைவிட நல்ல செவ்வாய் கிடைப்பது அரிது. மிதுன இலக்கினம் என்றால் 6, 11க்கு உரியவர் ஆறில் இருக்கிறார்: போட்டி, கடன், வழக்கு என்று பேச வேண்டிய செவ்வாய். அரை மணி வித்தியாசத்தில் செவ்வாய் திசையின் ஏழு ஆண்டுகளுக்கும் பலன் தலைகீழாகிறது. இந்தக் குறிப்பில் சரியானது மிதுனம். உறுதிப்படுத்தத் தாயிடம் கேளுங்கள்: பிள்ளை பிறந்தபோது வெயில் வந்துவிட்டதா, இன்னும் விடியும் பொழுதா? அந்த நினைவு பல வேளைகளில் அட்டையைவிட உறுதியானது. வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கமான வாதத்துக்கு முன்னர் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடக இலக்கினப் பெண்ணுக்கு ஏழில் செவ்வாய். செவ்வாய் குற்றம் என்று சம்பந்தம் தள்ளிப்போகிறது. யோககாரகனுக்கும் குற்றமா?

கடகத்துக்கு ஏழாம் வீடு மகரம். அங்கே செவ்வாய் உச்சம். பத்துக்கும் ஐந்துக்கும் உரிய யோககாரகன் கேந்திரத்தில் உச்சம் பெற்றிருக்கிறார். கடக, சிங்க இலக்கினங்களுக்குச் செவ்வாய் குற்றம் கொள்ளத் தேவையில்லை என்ற விலக்கு இங்கும் தமிழ்நாட்டிலும் பலரால் ஏற்கப்படுகிறது. அதன் அடிப்படை இந்த ஆதிபத்தியம்தான். நானும் அதை ஏற்கிறேன்.

ஆனாலும் செவ்வாய் செவ்வாய்தான். ஏழாம் வீட்டில் அவருடைய வேகமும் விட்டுக்கொடுக்காத குணமும் தெரியும். அதைப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் குணப் பொருத்தமாகப் பேசித் தீர்க்கலாம். கட்டத்தை மட்டும் பார்த்துச் சம்பந்தத்தை முறிப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

யோககாரகன் இருக்கிறார் என்று சின்ன வயதில் இருந்தே சொல்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லையே?

முதலில் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். யோககாரகன் என்பது உரிமை. அதைச் செலுத்த வலிமை வேண்டும். துலாத்துக்குச் சனி இலக்கினத்திலேயே உச்சமாக முடியும். கடகத்துக்குச் செவ்வாய் ஏழில் உச்சம். இந்த இருவருக்கும் உச்ச வீடே கேந்திரமாக அமைகிறது. இடபத்துக்கோ சனி உச்சமாவது ஆறாம் வீட்டில், நீசமாவது பன்னிரண்டில். கும்பத்துக்குச் சுக்கிரன் நீசமாகும் கன்னி எட்டாம் வீடு. அப்படி எட்டில் நீசமான சுக்கிரனை வைத்துக்கொண்டு பெரிய யோகம் என்று யாராவது சொன்னால், பெயரை மட்டும் பார்த்திருக்கிறார்.

அடுத்தது திசை எப்போது வருகிறது என்பது. கடக இலக்கினம், உரோகிணி நட்சத்திரம் என்று வைத்துக்கொள்வோம். சந்திர திசையில் பிறப்பு. அது மிஞ்சினால் பத்து ஆண்டு. அடுத்தது செவ்வாய் திசை ஏழு ஆண்டு. பதினேழு வயதுக்குள், சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு, யோககாரகனின் திசை முடிந்துவிடும். பிள்ளைக்கு நல்ல படிப்பும் வீட்டில் தந்தைக்கு உயர்வும் கிடைத்திருக்கலாம். வளர்ந்தபின் அவர் அதைத் தம் யோகமாக நினைக்கமாட்டார். பிறகு செவ்வாயின் பங்கு மற்றத் திசைகளில் வரும் செவ்வாய் புத்திகளில்தான். அந்த மாதங்களைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இடபத்துக்குச் சனி பாதகாதிபதி என்கிறார் ஒருவர், யோககாரகன் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

இருவரும் சொல்வது உண்மை. சர இலக்கினங்களுக்கு 11, ஸ்திர இலக்கினங்களுக்கு 9, உபய இலக்கினங்களுக்கு 7 பாதக ஸ்தானம். இடபம், சிங்கம், கும்பம் மூன்றும் ஸ்திர இலக்கினங்கள். மூன்றிலும் ஒன்பதாம் அதிபதியே யோககாரகன். ஆகவே அந்த மூன்றுக்கும் இந்த முரண் பிறப்பிலேயே இருக்கிறது. கடகம், துலாம், மகரம் சர இலக்கினங்கள் என்பதால் அவற்றின் யோககாரகனுக்கு இந்தக் குறை இல்லை.

நான் யோகத்தை முதலில் எடுப்பேன். பாதகம் என்பதாலேயே ஒன்பதாம் அதிபதியைக் கெட்டவராக்கினால், விருச்சிகத்துக்குச் சந்திரனையும் கெட்டவராக்க வேண்டும். அவரையோ பராசர முறை யோகம் தருபவர் என்று சொல்கிறது. பாதகத்துக்குப் பிரசன்னத்தில் பெரிய இடம் உண்டு. பிறப்புக் குறிப்பில், அந்தக் கிரகம் நீசமாகவோ மறைவிலோ பாவரோடு சேர்ந்தோ கெட்டிருக்கும்போதுதான் அதை எடுத்துப் பேச வேண்டும். இடப இலக்கினத்துக்குச் சனி பத்தாம் வீட்டில் கும்பத்தில் ஆட்சியாக இருக்கும்போது பாதகம் என்று பயமுறுத்துவது சரியல்ல.

இராகு கேதுவுக்கு வீடு இல்லையே, அவர்களை எங்கே சேர்ப்பது?

அவர்கள் நிற்கும் வீட்டையும் சேர்ந்த கிரகத்தையும் கொண்டு பலன் தருவார்கள். கேந்திரத்தில் நின்று திரிகோணாதிபதியோடு சேர்ந்தாலோ, திரிகோணத்தில் நின்று கேந்திராதிபதியோடு சேர்ந்தாலோ யோகம் தருவார்கள். யோககாரகனோடு நல்ல வீட்டில் சேர்ந்த இராகுவின் திசையை, அந்த யோககாரகனின் திசைபோலவே எண்ணிப் பார்க்கலாம்.

பேரப்பிள்ளை இலண்டனில் பிறந்தது. யாழ்ப்பாண நேரத்துக்கு மாற்றித்தானே இலக்கினம் பார்க்க வேண்டும்?

இல்லை. இலக்கினம் என்பது பிறந்த இடத்தின் கீழ்வானம். இலண்டன் நேரம், இலண்டன் அட்சாம்சம் கொண்டே கணிக்க வேண்டும். கோடையில் பிறந்த பிள்ளை என்றால் அங்கே மணிக்கூட்டை ஒரு மணி முன்னே வைத்திருப்பார்கள். அதையும் கழிக்க வேண்டும்.

இன்னொன்று. இங்கே ஒரு இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணி என்று சொல்லிப் பழகிவிட்டோம். இலண்டனில் மீனம் ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் உதித்து முடிந்துவிடும். கன்னிக்கு இரண்டரை மணிக்கும் மேலாகும். ஆகவே யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தின் இலக்கின அட்டவணையை வைத்து அந்தப் பிள்ளையின் யோககாரகனைத் தேடாதீர்கள். பிறந்த ஊருக்குக் கணித்த குறிப்பு கையில் வந்தபின், மேலே சொன்ன பட்டியலைத் திருப்பிப் பாருங்கள்.